ரூலெட்டில் 10 முறை சிவப்பு: லாபத்தோடு எழ வாய்ப்பு எவ்வளவு?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. புள்ளியியலில் ஈருறுப்புப் பரவல் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கணக்காக ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரே ஒரு பச்சை பூஜ்யம். ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் மேல் 100 ரூபாய் வைக்கிறார். சிவப்பு வந்தால் 100 லாபம், வேறு எது வந்தாலும் வைத்த 100 போய்விடும். 10 சுற்று ஆடிவிட்டு எழுகிறார். அவர் லாபத்தோடு எழ நிகழ்தகவு என்ன?

சூத்திரம் தெரியும்: nCr × p^r × q^(n−r). r-க்கு என்ன போடுவது என்பதில்தான் குழப்பம். நான் 6 போட்டேன், 0.19 வருகிறது. என் தோழி 5 போட்டாள், அவளுக்கு 0.245. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு சுற்றில் ஜெயிக்கவே கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்போது, பத்துச் சுற்றில் லாபம் வருவது இவ்வளவு குறைவாகவா இருக்கும்?

மதுரைக்காரன்

நீங்கள் போட்ட 6-தான் சரிம்மா. 5 ஜெயித்து 5 தோற்றால் போட்ட காசு அப்படியே கைக்கு வரும், அதில் லாபம் எங்கே? லாபம் வேண்டுமென்றால் 6 வேண்டும். 10C6 = 210. p = 18/37, q = 19/37. எல்லாம் போட்டால் 0.1936. விடை 19.4 சதவீதம். அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறைவாக இருக்கிறதே என்றால், அதனால்தானே கேசினோக்காரன் கட்டடம் கட்டுகிறான்!

சந்தேகப்பிராணி

இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு? தோற்றால் அடுத்த சுற்றில் 200 வையுங்கள், அதிலும் தோற்றால் 400. எப்போதாவது ஒரு முறை சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்? வந்த உடனே போனதெல்லாம் திரும்பி, மேலே 100 நிற்கும். 10 சுற்றும் தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று கூட இருக்காது.

தாயக்கட்டை

சந்தேகப்பிராணி, நீங்கள் சொல்வது வேறு கேள்வி. கணக்கில் ஒவ்வொரு சுற்றிலும் 100 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். தொகை மாறினால் எத்தனை முறை ஜெயித்தோம் என்பதை மட்டும் வைத்து லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது, எந்தச் சுற்றில் ஜெயித்தோம் என்பதும் வேண்டும். அப்போது இந்தப் பரவல் மட்டும் போதாது. இன்னொன்று, பத்தும் தோற்பதற்கான வாய்ப்பு (19/37)^10 = 0.00128. ஆயிரத்தில் ஒன்றைவிடச் சற்று அதிகம்தான். அந்த ஒரு முறையில் உங்கள் கையை விட்டுப் போவது 1,02,300 ரூபாய், கிடைக்கவிருந்த 100 ரூபாய்க்காக.

மதுரைக்காரன் பாதி தூரம் சரியாக வந்து நின்றுவிட்டார். எல்லை 6 என்பது சரி. ஆனால் 0.1936 என்பது *சரியாக* 6 முறை ஜெயிப்பதற்கான வாய்ப்பு. 7 முறை ஜெயித்தவர் லாபத்தோடு எழவில்லையா? 10 முறையும் ஜெயித்தவர்? அவர்களையெல்லாம் எங்கே விட்டீர்கள்?

நிலாமுற்றம், முதலில் மூன்றே சுற்றில் பார்த்துவிடுங்கள், பத்து தானாகப் புரியும். வெற்றியை வெ, தோல்வியைத் தோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுற்றில் லாபம் வர 2 வெற்றியாவது வேண்டும். வெ வெ தோ, வெ தோ வெ, தோ வெ வெ, அப்புறம் வெ வெ வெ. முதல் மூன்றுக்கும் தனித்தனியாக p × p × q. வரிசைதான் வேறு, பெருக்கினால் ஒரே எண். அந்த "மூன்று" எங்கிருந்து வந்தது? தோல்வி உட்காரும் இடம் மூன்றில் ஒன்று, அதுதான் 3C2. சூத்திரத்தில் nCr செய்கிற வேலை அவ்வளவே: ஒரே வாய்ப்புள்ள வரிசைகள் எத்தனை என்று எண்ணிக் கொடுக்கிறது. நான்காவது வரிசைக்கு p³. எல்லாவற்றையும் கூட்டினால் 0.48.

கூட்டலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஒரே ஆட்டம் சரியாக 2 வெற்றியிலும் சரியாக 3 வெற்றியிலும் முடிய முடியாது. ஒன்று நடந்தால் மற்றது இல்லை. ஆகவே தைரியமாகக் கூட்டலாம்.

இப்போது பத்துச் சுற்று. 6, 7, 8, 9, 10 என்று ஐந்து உறுப்புகள். ஐந்தையும் சூத்திரத்தில் போட்டு அடிக்க வேண்டாம். முதல் உறுப்பைப் பிடித்துவிட்டால் அடுத்தது அதிலிருந்தே வரும்:

6 வெற்றி: 210 × (18/37)^6 × (19/37)^4 = 0.1936

7 வெற்றி: 0.1936 × 4/7 × 18/19 = 0.1048

8 வெற்றி: 0.1048 × 3/8 × 18/19 = 0.0372

9 வெற்றி: 0.0372 × 2/9 × 18/19 = 0.0078

10 வெற்றி: 0.0078 × 1/10 × 18/19 = 0.0007

4/7 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 6 வெற்றியில் மிச்சம் 4 தோல்வி இருந்தது, அதில் ஒன்று வெற்றியாகி ஏழாவதாகிறது. 18/19 என்பது p/q. வகுத்தியில் 37 அடிபட்டுப் போகும். ஐந்தையும் கூட்டினால் 0.3441. இடையில் சுருக்காமல் போட்டால் 0.3442. இதுதான் உங்கள் விடை, 34.4 சதவீதம்.

நிலாமுற்றம்

நன்றி சார், உறுப்பிலிருந்து உறுப்புக்குப் போகும் வழியை எங்கள் புத்தகத்தில் சொல்லவே இல்லை. தோழியின் 0.245 எதுவென்று இப்போது தெரிகிறது. அது 5-க்கு 5, லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் எழுவதற்கானது. அப்படியானால் நஷ்டத்தோடு எழ 1 − 0.344 − 0.245 = 0.411. சரிதானே?

இன்னொரு சந்தேகம். கணினியில் சரிபார்க்கலாம் என்று விரிதாளில் இப்படிப் போட்டேன்:

```
=1-BINOM.DIST(6,10,18/37,TRUE)
```

0.1506 என்று வருகிறது. 0.344-உம் இல்லை, 0.19-உம் இல்லை. மூன்றாவதாக ஒன்று!

தாயக்கட்டை

0.411 சரி.

விரிதாளில் TRUE போட்டால் அது 0-விலிருந்து 6 வரை, *6-ஐயும் சேர்த்து*, கூட்டிக் கொடுக்கிறது. ஒன்றிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 7-உம் அதற்கு மேலும். நீங்கள் கேட்டது "குறைந்தது 6". ஆகவே கழிக்க வேண்டியது 5 வரை உள்ளதை:

```
=1-BINOM.DIST(5,10,18/37,TRUE)
```

இப்போது 0.3442 வரும். 0.1506-ஐயும் 0.3442-ஐயும் கழித்துப் பாருங்கள், அதே 0.1936 வரும். பரீட்சை விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்தது இந்த ஒன்று தள்ளிப்போகிற தவறைத்தான். சூத்திரம் சரியாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், எல்லை மட்டும் ஒரு படி நகர்ந்திருக்கும். இரண்டு விடைகளின் வித்தியாசம் ஏதாவது ஓர் உறுப்புக்குச் சமமாக இருந்தால் இந்தத் தவறுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

விடாக்கொண்டன்

பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு:

```
from math import comb
n, k, p = 10, 6, 18/37
print(sum(comb(n,i) * p**i * (1-p)**(n-i)
          for i in range(k, n+1)))
```

n+1 என்பதில் கவனம். range(k, n) என்று எழுதினால் பத்தாவது உறுப்பு விட்டுப்போய் 0.3434 வரும். வித்தியாசம் சின்னதாக இருப்பதால் கண்ணில் படாது.

மதுரைக்காரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், 34.4. ஆனால் ஒன்று சொல்கிறேன். கேசினோ பக்கம் சாய்ந்த ஆட்டம் இது. ஆகவே சுற்று கூடக் கூட லாபத்தோடு எழும் வாய்ப்பு குறைந்துகொண்டேதான் போகும். ஒரு சுற்றில் 48.6. பத்தில் 34.4. பதினொன்றில் இன்னும் கீழே. இதற்குக் கணக்கே தேவையில்லை.

தாயக்கட்டை

பதினொன்றில் 46.3 சதவீதம்.

மதுரைக்காரன்

எப்படி சார்? ஒரு சுற்று கூடினால் 12 சதவீதம் ஏறுமா? விளையாடுகிறீர்களா?

தாயக்கட்டை

விளையாடவில்லை. 11 சுற்றிலும் லாபத்துக்கு வேண்டியது 6 வெற்றிதான், 6-க்கு 5. எல்லை நகரவில்லை, வாய்ப்பு மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. பத்து முடிந்த நிலையில் ஆட்களைப் பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே 6 அல்லது அதற்கு மேல் ஜெயித்தவர்கள் பதினொன்றாவதில் தோற்றாலும் லாபத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் 34.4. ஐந்துக்கு ஐந்தில் நிற்பவர்கள் 24.5. அவர்களில் 48.6 சதவீதம் பேர் அடுத்த சுற்றில் ஜெயித்து லாபத்துக்கு வருவார்கள், அது 11.9. கூட்டினால் 46.3. நஷ்டத்தில் இருந்த யாரும் ஒரே சுற்றில் லாபத்துக்கு வர முடியாது.

பன்னிரண்டாவது சுற்றில் கதை திரும்பும். 6-க்கு 5 என்று மயிரிழையில் நின்றவர்கள் தோற்றால் 6-க்கு 6 ஆகிவிடுவார்கள். லாபத்துக்கு இப்போது 7 வேண்டும். வாய்ப்பு 35.1-க்கு இறங்கும். இரட்டை எண்ணில் சமன் என்ற ஓர் இடம் இருக்கிறது, ஒற்றை எண்ணில் இல்லை. ஏறி இறங்கி ரம்பப் பல் மாதிரிப் போவது அதனால்தான்.

நீங்கள் சொன்ன சாய்வு பொய்யில்லை. ஆனால் அது மெதுவாக வேலை செய்கிறது. 100 சுற்றில் குறைந்தது 51 ஜெயிக்க வாய்ப்பு சுமார் 35.5 சதவீதம், பத்துச் சுற்றைவிட ஒரு சதவீதம் அதிகம்! சமனாக முடிவது அங்கே சுருங்கிவிடுவதுதான் காரணம். 1000 சுற்று என்று போனால்தான் 19 சதவீதத்துக்குக் கீழே வருகிறது.

நிலாமுற்றம்

அப்படியானால் 10-இல் 6 என்பதும் 100-இல் 60 என்பதும் ஒன்றா? இரண்டும் 60 சதவீதம்தானே?

தாயக்கட்டை

இல்லை. 100-இல் குறைந்தது 60 ஜெயிக்க வாய்ப்பு ஒன்றரை சதவீதம் அளவில்தான். சராசரியாக 48.65 வெற்றி வரும், திட்ட விலக்கம் 5. அறுபது என்பது அதிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் அப்பால். பத்துச் சுற்றில் சராசரி 4.86, திட்ட விலக்கம் 1.58, ஆறு என்பது ஒரு திட்ட விலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. விகிதம் ஒன்றாக இருந்தாலும் தூரம் ஒன்றல்ல.

பழையதாள்

நிலாமுற்றம் கேட்டது பழைய கேள்விம்மா. 1693-இல் சாமுவேல் பெப்பிஸ் என்ற ஆங்கிலேயர், நாட்குறிப்பு எழுதிப் பேர் வாங்கினாரே அவர்தான், ஐசக் நியூட்டனுக்குக் கடிதம் போட்டு இதைத்தான் கேட்டார். 6 பகடையில் குறைந்தது ஒரு ஆறு, 12 பகடையில் குறைந்தது இரண்டு ஆறு, 18 பகடையில் குறைந்தது மூன்று ஆறு. எது எளிது? பெப்பிஸ் மூன்றாவது என்று நினைத்தார். நியூட்டன் முதலாவது என்றார். முறையே 66.5, 61.9, 59.7 சதவீதம். மூன்றிலும் ஆறில் ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கிறது, வாய்ப்பு மட்டும் இறங்குகிறது.

கப்பலோட்டி

நான் கப்பலில் வேலை செய்கிறவன். துறைமுகம் துறைமுகமாகப் போகும்போது சில கேசினோக்களில் நுழைந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சிவப்பு, கறுப்பு என்று நின்றுவிட்டீர்கள். நான் ஒரே ஓர் எண்ணில்தான் வைப்பேன், எப்போதும் 17. வந்தால் வைத்ததைப் போல 35 மடங்கு லாபம். 35 சுற்று மட்டும் ஆடுவேன். ஒரு தடவை 17 விழுந்தாலும் போதும், லாபம். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் நாட்கள் லாபத்தோடுதான் வந்திருக்கிறேன். ஆக இந்த முறையில் ஆட்டம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது என் கட்சி. தாயக்கட்டை ஐயா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

தாயக்கட்டை

போட்டுவிடலாம் தம்பி. இதுதான் இந்த இழையிலேயே நல்ல கணக்கு.

p = 1/37, n = 35. குறைந்தது ஒரு வெற்றி வேண்டும். இங்கே 1 முதல் 35 வரை கூட்ட உட்காரக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்: ஒன்று கூட விழாமல் போவது (36/37)^35 = 0.383. ஒன்றிலிருந்து கழித்தால் 0.617. நீங்கள் சொன்னது உண்மைதான், 61.7 சதவீதம் நாட்களில் லாபத்தோடு வருவீர்கள்.

ஆனால் எவ்வளவு லாபம் என்று பாருங்கள். சுற்றுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை 17 விழுந்தால் அந்தச் சுற்றில் 3,500 லாபம், மற்ற 34 சுற்றில் 3,400 நஷ்டம். கையில் நிற்பது 100 ரூபாய். இப்படி முடிய வாய்ப்பு 37.3 சதவீதம். ஒன்று கூட விழாத 38.3 சதவீதம் நாட்களில் போவது முழுதாக 3,500. இரண்டோ அதற்கு மேலோ விழுகிற 24.4 சதவீதம் நாட்கள்தான் பெரிய லாபம் தருகின்றன. எல்லாவற்றையும் அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சராசரி நஷ்டம் 94 ரூபாய் 60 காசு. சிவப்பில் 35 முறை வைத்தாலும் அதே 94.60-தான். சுற்றுக்கு 37-இல் ஒரு பங்கு கேசினோவுக்கு. எங்கே வைத்தாலும் அந்தப் பங்கு மாறாது, நாட்கள் எப்படிப் பிரிகின்றன என்பதுதான் மாறும்.

இதில் இன்னொரு வேடிக்கை. நீங்கள் 35-இல் எழாமல் 36-ஆவது சுற்றும் ஆடிவிட்டு எழுங்கள். அப்போது ஒரு முறை 17 விழுந்தால் 3,500 லாபம், 3,500 நஷ்டம், சமன். லாபம் வேண்டுமென்றால் இப்போது குறைந்தது 2 முறை விழ வேண்டும். பூஜ்யம் முறை விழ (36/37)^36 = 0.373. ஒரு முறை விழ 36 × 1/37 × (36/37)^35, அதுவும் 0.373, இரண்டும் ஒரே எண். கழித்தால் 0.254. ஒரு சுற்று கூட ஆடியதற்கு 61.7 சதவீதம் 25.4 ஆகிவிட்டது. சராசரியில் கூடிய நஷ்டமோ வெறும் 2 ரூபாய் 70 காசு.

கப்பலோட்டி

அடேங்கப்பா. 35 என்று நான் வைத்துக்கொண்டது சும்மா ஒரு கணக்குக்காகத்தான், அதற்குள் இவ்வளவு இருக்கிறதா? சரி, இன்னொன்று. என் கூட்டாளி வேறு மாதிரி ஆடுவான். 35 சுற்று காத்திருக்கப் பொறுமை கிடையாது, ஒரே சுற்றில் 35 எண்களிலும் ஒவ்வொரு காசு வைத்துவிடுவான். அவனும் 35 பந்தயம், நானும் 35 பந்தயம். அவனுக்கும் 61.7 தானே?

விடாக்கொண்டன்

ஆமாம், n = 35, p = 1/37. ஒரே விடைதான்.

தாயக்கட்டை

இல்லை விடாக்கொண்டன், இங்கே சூத்திரத்தைத் தொடவே கூடாது. ஒரே சுற்றில் பந்து ஒரு குழியில்தான் விழும். 17-இல் விழுந்தால் 18-இல் விழவில்லை. ஒரு பந்தயம் ஜெயித்தாலே மற்ற 34-உம் தோற்றுவிட்டன. ஒன்றின் முடிவு மற்றதைத் தீர்மானிக்கிறது, சார்பற்ற முயற்சிகள் இல்லை. nCr வரிசைகளை எண்ணுவதற்கே அர்த்தமில்லாமல் போகிறது, இரண்டு வெற்றி உள்ள வரிசை ஒன்று கூடக் கிடையாதே!

அந்தக் கூட்டாளிக்கு லாபம் வர வாய்ப்பு 35/37, அதாவது 94.6 சதவீதம். லாபம் 100 ரூபாய்தான், அதற்கு மேல் ஒருபோதும் வராது. மிச்சமுள்ள இரண்டு குழிகளில் விழுந்தால் 3,500 போய்விடும். சராசரி நஷ்டத்தைப் போட்டுப் பாருங்கள், அதே 94.60.

விடாக்கொண்டன்

ஓ, சரி. பந்தயம் எத்தனை என்று பார்த்தேன், சுற்று எத்தனை என்று பார்க்கவில்லை.

நிலாமுற்றம்

சார், வீட்டுக் கணக்கு எழுதி முடித்துவிட்டேன். கேள்வித்தாளில் "குறைந்தது" என்று வராமல் "அதிகபட்சம் 4 வெற்றி", "6-க்கு மேல்" என்றெல்லாம் வரும்போது எப்படிக் கையாள்வது?

தாயக்கட்டை

கணக்கில் கை வைக்கும் முன், 0 முதல் 10 வரை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்த எண் கேள்விக்கு ஒத்துவருகிறதோ அதையெல்லாம் வட்டமிடுங்கள். "6-க்கு மேல்" என்றால் 7, 8, 9, 10. "அதிகபட்சம் 4" என்றால் 0 முதல் 4. வட்டமிட்டவை குறைவாக இருந்தால் அவற்றையே கூட்டுங்கள், விட்டவை குறைவாக இருந்தால் விட்டவற்றைக் கூட்டி ஒன்றிலிருந்து கழியுங்கள். பணத்தில் கேட்டால் முதலில் வெற்றி எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும். உதாரணமாக "குறைந்தது 400 ரூபாய் லாபம்" என்றால் பத்துச் சுற்றில் 7 வெற்றி, 3 தோல்வி, ஆகவே குறைந்தது 7. உங்கள் விரிதாளில் வந்த 0.1506 உண்மையில் இந்தக் கேள்விக்கான விடை.

சந்தேகப்பிராணி

எல்லோரும் 10 சுற்று முடித்துவிட்டுத்தான் எழுவோம் என்று ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்? நான் அப்படி ஆட மாட்டேன். அதே 100 ரூபாய்தான் வைப்பேன், இரட்டிப்பாக்க மாட்டேன். ஆனால் 100 ரூபாய் லாபத்தில் வந்த உடனே எழுந்துவிடுவேன். அப்போதும் 34.4-தானா?

தாயக்கட்டை

இது நல்ல கேள்வி. அப்போது 34.4 இல்லை, அதைவிட அதிகம். எத்தனை சுற்று என்பது முன்கூட்டியே நிலையாக இருந்தால்தான் நாம் போட்ட கணக்கு செல்லும். நீங்கள் இடையில் எழுந்தால் n-ஏ அதிர்ஷ்டத்தைப் பொறுத்து மாறுகிறது. வரிசையும் முக்கியமாகிவிடுகிறது.

மூன்று சுற்று வரை வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே ஜெயித்தால் எழுந்துவிடுவீர்கள்: p. தோ வெ வெ என்று வந்தால் மூன்றாவதில் எழுவீர்கள்: q × p². கூட்டினால் 0.608. மூன்றும் ஆடி முடித்துவிட்டு எழுபவருக்கு 0.48 என்று மேலே பார்த்தோம். வெ தோ தோ என்று வந்தால் அவர் நஷ்டத்தில் எழுகிறார், நீங்கள் முதல் சுற்றிலேயே காசை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

சந்தேகப்பிராணி

அப்படிப் போடுங்கள்! ஆக எழத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

கப்பலோட்டி

அடிக்கடி ஜெயிப்பீர்கள் தம்பி, 100 ரூபாய் மட்டும். லாபத்தில் எழுகிற நாளில் 100-க்கு மேல் உங்களுக்கு வரவே வராது, ஐயா என் கூட்டாளிக்குச் சொன்ன மாதிரி. தோற்கிற நாளில் 300 போகும்.

சந்தேகப்பிராணி

300 எல்லா முறையும் போகாது. தோ தோ வெ, தோ வெ தோ என்று வந்தால் 100 தான் போகும். சராசரியைப் போட்டுவிட்டுப் பேசலாம்.

நிலாமுற்றம்

நான் போட்டுப் பார்த்தேன். லாபத்தில் எழ 0.608, கிடைப்பது 100. 300 போவது q³, அது 0.135. 100 போவது தோ தோ வெ-யும் தோ வெ தோ-வும், 2 × p × q² = 0.257. சேர்த்துப் போட்டால் 60.8 − 40.6 − 25.7, சராசரியாக ஐந்தரை ரூபாய் நஷ்டம். மூன்று சுற்றும் ஆடினால் 300-இல் 37-இல் ஒரு பங்கு, 8 ரூபாய் 11 காசு. இவர் முறையில் நஷ்டம் குறைகிறதே சார், அது எப்படி?

தாயக்கட்டை

அவர் பாதி நாட்களில் ஒரே சுற்றோடு எழுந்துவிடுகிறார் அல்லவா? சராசரியாக எத்தனை சுற்று ஆடுகிறார் என்று கண்டுபிடித்து, சுற்றுக்கு 2 ரூபாய் 70 காசால் பெருக்கிப் பாருங்கள்.

நிலாமுற்றம்

முதல் சுற்றில் எழ 0.486, இல்லாவிட்டால் மூன்றும். இரண்டாவதில் எழவே முடியாது. 0.486 + 3 × 0.514 = 2.03 சுற்று. 2.70-ஆல் பெருக்கினால் 5.48. சரியாக வந்துவிட்டது!

மதுரைக்காரன்

பத்துச் சுற்றுக்கு இதே மாதிரி, லாபம் வந்ததும் எழுந்துவிடுகிறவருக்கு வாய்ப்பு எவ்வளவு வரும் என்று யாராவது போட்டுத் தாருங்கள். நான் உட்கார்ந்து வரிசை எழுதினேன், ஐந்தாவது சுற்றுக்குள் தாள் நிறைந்துவிட்டது. தோ தோ வெ வெ வெ, தோ வெ தோ வெ வெ என்று இரண்டு வருகிறது. ஐந்தாவதில் எழ 5C3 = 10 வரிசை இருக்க வேண்டும் என்று நினைத்தேன், இரண்டுதான் கிடைக்கிறது. மிச்ச எட்டு எங்கே போயின?